கேரம்: ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள்

உங்கள் பக்கத்து முன் கோட்டை ஒட்டி ஒரு காய் வந்து நின்று, ஸ்ட்ரைக்கர் வைத்தால் அதில் இடிக்கிறதா? அந்த இடத்தை விட்டுவிட வேண்டாம், ஸ்ட்ரைக்கரை நெஞ்சுப் பக்கமாக அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி வைத்தாலே போதும், காய்க்கும் அதற்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

விதி கேட்பது ஸ்ட்ரைக்கர் இரண்டு அடிக்கோடுகளையும் தொட வேண்டும் என்பதைத்தான், நட்ட நடுவில் இருக்க வேண்டும் என்று அல்ல. கோடுகளின் இடைவெளி 3.18 செ.மீ., ஸ்ட்ரைக்கரின் விட்டம் அதிகபட்சம் 4.13 செ.மீ. என்பதால் நடுவில் வைத்தால் இருபுறமும் ஏறக்குறைய 0.47 செ.மீ. வெளியே நிற்கும், அதுதான் நமக்குக் கிடைக்கும் இடம். முன் கோட்டை இன்னும் தொடுகிறதா என்று நேர் மேலிருந்து பாருங்கள், சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றிவிடும்.

காய் இரண்டு கோடுகளுக்கு நடுவிலேயே கிடந்தால் இது உதவாது, பக்கவாட்டில்தான் நகர வேண்டும். அப்படி நகர்ந்து ஓரத்துச் சிவப்பு வட்டத்துக்குப் போனால் சிவப்பு முழுவதும் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வட்டத்தைத் தொடவே கூடாது.