வித்தியாசத்தை மட்டும் எழுதிச் சரிக்கட்டாதீர்கள்: வங்கிக் கணக்கு ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

புதிதாகக் கணக்கெழுத வந்த ஒருவர் போன மாதம் தன் ஒப்பீட்டைக் கொண்டுவந்து காட்டினார். லெட்ஜரும் ஸ்டேட்மென்டும் பைசா பிசகாமல் ஒன்றாக இருந்தன, எனக்கு அதைப் பார்த்ததுமே சந்தேகம். கடைசி வரியில் "வங்கிக் கட்டணம் 90" என்று ஒரு என்ட்ரி. ஸ்டேட்மென்டில் 90 என்று எந்தக் கட்டணமும் இல்லை. வேலைக்கு வந்த முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன். தேதி மாற்றி எழுதுவது, கூட்டலில் பிசகுவது எல்லாம் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். இது படாது.

வித்தியாசத்துக்கு ஒரு என்ட்ரி போட்டு முடிப்பது

அவருடைய கணக்கையே பார்ப்போம். லெட்ஜர்படி வங்கி இருப்பு 84,300. ஸ்டேட்மென்ட்படி 84,210. வித்தியாசம் 90 தானே, ஏதோ கட்டணமாக இருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். ஆனால் 90 என்பது ஒரே தவறின் அளவு அல்ல, ஐந்து விஷயங்கள் கூடியும் கழிந்தும் மிஞ்சியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தோம். லெட்ஜரில் இருந்து ஸ்டேட்மென்டில் இல்லாதவை மூன்று. நாம் கொடுத்து இன்னும் பாஸ் ஆகாத செக் 6,200. மாதக் கடைசி நாளில் போட்டு இன்னும் வரவாகாத பணம் 5,000. அப்புறம் ஒரு சப்ளையருக்குக் கொடுத்த 3,660, இது லெட்ஜரில் இரண்டு முறை ஏறியிருந்தது, வங்கியில் ஒரு முறைதான் போயிருக்கிறது. ஸ்டேட்மென்டில் இருந்து லெட்ஜரில் இல்லாதவை இரண்டு: கட்டணம் 150, வாடிக்கையாளர் கொடுத்துத் திரும்பிவிட்ட செக் 4,800.

இப்போது இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகத் திருத்துங்கள். வங்கிப் பக்கம் 84,210 உடன் 5,000 கூட்டி 6,200 கழித்தால் 83,010. லெட்ஜர் பக்கம் 84,300-ல் 150-உம் 4,800-உம் கழித்து, இரட்டிப்பாக ஏறிய 3,660-ஐத் திரும்பக் கூட்டினால் அதுவும் 83,010. உண்மையான இருப்பு இதுதான். அவர் பிடித்து நிறுத்திய 84,210 அல்ல. அன்றைய தேதியில் லெட்ஜர் ஸ்டேட்மென்டோடு ஒத்துப்போகவே கூடாது, ஏனென்றால் வெளியில் ஒரு செக்கும் வழியில் ஒரு வரவும் இருக்கின்றன.

எதற்கு என்ட்ரி போட வேண்டும், எதற்குக் கூடாது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். கட்டணம், திரும்பிய செக், இரட்டை என்ட்ரி மூன்றையும் லெட்ஜரில் சரிசெய்ய வேண்டும். பாஸ் ஆகாத செக்கும் வராத வரவும் லெட்ஜரில் ஏற்கெனவே சரியாகவே இருக்கின்றன, அவற்றை ஒப்பீட்டுத் தாளில் எழுதி வைத்தால் போதும்.

90-ஐ அப்படியே விட்டிருந்தால்? அடுத்த மாதம் அந்த 6,200-உம் 5,000-உம் வங்கியில் ஏறியதும், வேறு எதுவுமே நடக்காவிட்டாலும் வித்தியாசம் 1,200 ஆகிவிடும். அதற்கும் ஒரு என்ட்ரி போடத் தோன்றும். அதைவிட எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தத் திரும்பிய செக். முதல் வருடம் நான் விட்டதும் அதுதான். ஸ்டேட்மென்டில் அது முதலில் வரவாகத் தெரியும், சில நாள் கழித்து அதே தொகை பற்றாக வரும், நாம் வரவைப் பார்த்து டிக் அடித்துவிட்டு மேலே போய்விடுவோம். லெட்ஜரில் அந்த வாடிக்கையாளர் பாக்கியே இல்லாதவராக இருப்பார், யாரும் அவரிடம் கேட்க மாட்டார்கள். நான் கண்டுபிடித்தபோது ஏழு மாதம் ஓடியிருந்தது, அவர் தொழிலையே மூடிவிட்டுப் போயிருந்தார். பணம் வரவே இல்லை. சரியான என்ட்ரி சின்னது: வாடிக்கையாளர் கணக்கில் டெபிட், வங்கிக் கணக்கில் கிரெடிட்.

ஒன்பதால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்ப்பது

540-ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். நல்ல சோதனைதான், ஆனால் ஒரே ஒரு தவறு இருக்கும்போது மட்டுமே நம்பலாம். மேலே சொன்ன 90-உம் ஒன்பதால் வகுபடுகிறது, அங்கே இலக்கம் மாறிய என்ட்ரி ஒன்றுகூடக் கிடையாது.

டெபிட், கிரெடிட் குழப்பம்

ஸ்டேட்மென்டில் கிரெடிட் என்றால் உங்கள் லெட்ஜரில் டெபிட். அது வங்கியின் பார்வையில் எழுதியது.

போன மாதப் பட்டியலைப் பார்க்காமல் தொடங்குவது

முதலில் போன மாதம் நிலுவையில் வைத்தவை இந்த மாதம் வந்தனவா என்று டிக் அடியுங்கள். மாதக் கடைசியில் போட்ட வரவு அடுத்த சில நாளில் ஏறியிருக்க வேண்டும். மாத நடுவிலும் வரவில்லை என்றால் அது வழியில் இல்லை. பணம் வங்கிக்குப் போகவே இல்லை, அல்லது வேறு கணக்கில் ஏறிவிட்டது. டெபாசிட் ரசீதை அன்றைக்கே தேடி எடுங்கள்.