இரவில் எழும் நோயாளி: கீழே விழும் அபாயத்துக்கு ஒரு செவிலியப் பராமரிப்புத் திட்டம்

செவிலியர் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் மாணவர்கள் எழுதிவரும் பராமரிப்புத் திட்டங்களைத் திருத்தும்போது, கீழே விழும் அபாயம் உள்ள முதியவர் என்றால் எல்லார் தாளிலும் ஒரே வரிகளைப் பார்க்கிறேன்: கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி வைக்கவும், தரையை ஈரமின்றி வைக்கவும், உறவினருக்கு அறிவுரை கூறவும். இவற்றில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் திட்டத்தை எந்தக் கட்டிலில் மாட்டினாலும் பொருந்தும் என்பதுதான் அதன் குறை. ஒரு நோயாளி ஏன், எந்த நேரத்தில், எந்த இடத்தில் விழுவார் என்று தெரிந்துகொண்டு எழுதும் திட்டம்தான் அவரைக் காக்கும். அப்படி ஒன்றை எழுதுவது எப்படி என்பதை, பொது வார்டில் சேர்க்கப்பட்ட ஒரு நோயாளியை மாதிரியாக வைத்து, தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

அவருக்கு வயது 74. காலில் ஏற்பட்ட தோல் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்டு, சிரை வழியாக ஆன்டிபயாடிக் பெற்று வருகிறார். நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு. கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு மாத்திரையும், தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரையும் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு மாதங்களுக்கு முன் வீட்டுக் குளியலறையில் ஒரு முறை விழுந்திருக்கிறார். மகள் உடன் தங்கியிருக்கிறார்.

படி 1: மதிப்பீடு

வார்டுகளில் பரவலாகப் பயன்படும் மோர்ஸ் அளவுகோலில் ஆறு கேள்விகள் மட்டுமே உள்ளன. நம் நோயாளிக்கு மதிப்பெண் இட்டுப் பார்ப்போம். அண்மையில் விழுந்திருப்பதற்கு 25. ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருப்பதற்கு 15. ஊன்றுகோலுடன் நடப்பதற்கு 15. கையில் ஊசிக்குழாய் இருப்பதற்கு 20. சற்றுக் குனிந்து சிற்றடி வைத்து நடக்கும் பலவீனமான நடைக்கு 10. கடைசிக் கேள்வி மனநிலை பற்றியது, தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். நாள், கிழமை, இடம் தெரிகிறதா என்று கேட்பது இங்கே நோக்கமன்று. தன் உடலின் எல்லையை நோயாளி அறிந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. "பாத்ரூமுக்குத் தனியாப் போயிடுவீங்களாம்மா, இல்ல யாராவது கூட வரணுமா?" என்று கேளுங்கள். துணையில்லாமல் நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும்போது, "அதுக்கு எதுக்கு சிஸ்டர் ஆளு, நானே போயிட்டு வந்துடுவேன்" என்று அவர் பதில் சொன்னால், நாளும் கிழமையும் சரியாகச் சொன்னவராக இருந்தாலும் 15 மதிப்பெண் சேரும். மொத்தம் 100. பல மருத்துவமனைகள் 45 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக அபாயம் என்று கொள்கின்றன.

பெரும்பாலானோர் இங்கேயே மதிப்பீட்டை முடித்துவிடுகிறார்கள். 100 என்ற எண், இவர் விழக்கூடும் என்று மட்டும் சொல்கிறது. எதனால் என்று சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னும் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும்.

முதலாவது, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் மறுபடியும் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அழுத்தம் 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால், எழும்போது மூளைக்குப் போதிய ரத்தம் செல்லாமல் கிறுகிறுப்பு வரலாம். நம் நோயாளிக்குப் படுத்திருக்கையில் 138/80. நின்ற ஒரு நிமிடத்தில் 112/70. "கண்ணு இருட்டுது" என்றார்.

இரண்டாவது, மருந்துத் தாளை நேரத்தோடு சேர்த்து வாசிப்பது. வீட்டில் இவர் ஃபுரோசமைடைக் காலையில் மட்டும் எடுத்திருக்கிறார். இங்கே நாளைக்கு இரண்டு வேளை என்று எழுதப்பட்டதால், வார்டு வழக்கப்படி காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுக்கப்படுகிறது. சிறுநீரை அதிகமாக்கும் மருந்தும், அரை மயக்கத்தைத் தரும் தூக்க மாத்திரையும் ஒரே இரவில் உள்ளே போகின்றன.

மூன்றாவது, கட்டிலருகே நின்று சுற்றிப் பார்ப்பது. ஊன்றுகோலின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அதன் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும், இவருடையதோ அதைவிட உயரமாக இருக்கிறது. மகள் இரவில் பாய் விரித்துப் படுக்கும் இடம் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் வருகிறது. இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று கேட்டதற்கு மூன்று முறை என்றார்.

படி 2: நர்சிங் டயக்னோசிஸ்

இது இன்னும் நிகழாத ஒன்றைப் பற்றிய டயக்னோசிஸ் என்பதால், நோய்க்குறிகளைச் சான்றாக எழுதும் பகுதி இதில் வராது. ஆபத்துக் காரணிகளை மட்டும் எழுத வேண்டும். "முதுமை, நீரிழிவு" என்று எழுதி நிறுத்தாதீர்கள். அவற்றை நம்மால் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவற்றை எழுதினால்தான் அடுத்த படிக்கு வழி பிறக்கும். நம் நோயாளிக்கு இப்படி எழுதலாம்:

கீழே விழும் அபாயம். ஆபத்துக் காரணிகள்: எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் குறைதல், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல், தூக்க மாத்திரையால் வரும் மந்தநிலை, பொருந்தாத ஊன்றுகோல், துணை தேவையில்லை என்ற நம்பிக்கை.

படி 3: இலக்கு

"நோயாளி விழமாட்டார்" என்பது இறுதி விருப்பம். அது நிறைவேறுகிறதா என்று இடையில் அளந்து பார்க்க வழியில்லை. ஆகவே அதனுடன் காலவரையறை உள்ள சிறு இலக்குகளைச் சேர்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறை எழுவதற்கு முன்னும் அவர் மணி அடித்து அழைப்பார். 72 மணி நேரத்துக்குள், எழுந்து நிற்கையில் மேல் அழுத்தம் குறைவது 20-க்குக் கீழே வரும், கிறுகிறுப்பு இருக்காது. இரண்டையும் ஒருவர் பார்த்தோ அளந்தோ உறுதிசெய்துகொள்ளலாம்.

படி 4: செயல்கள்

டயக்னோசிஸில் எழுதிய ஒவ்வொரு காரணத்துக்கும் எதிராக ஒரு செயலாவது இருக்கிறதா என்று விரல்விட்டுச் சரிபாருங்கள்.

மருந்து நேரத்தைச் செவிலியர் தாமாக மாற்றக்கூடாது. மருத்துவரிடம் சொல்லும்போது, "நோயாளிக்கு மயக்கமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், "நின்றவுடன் மேல் அழுத்தம் 26 குறைகிறது, இரவு 8 மணிக்கு ஃபுரோசமைடு போகிறது, இரவில் மூன்று முறை எழுகிறார், இரண்டாவது வேளையைப் பிற்பகல் 2 மணிக்கு மாற்றலாமா, தூக்க மாத்திரை கட்டாயம் வேண்டுமா?" என்று எண்களோடு கேளுங்கள். அப்படிக் கேட்டால் மருத்துவரால் அங்கேயே முடிவெடுக்க முடியும். பல ஆண்டுகளாக எடுத்துவரும் தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வேறு தொல்லைகள் வரும் என்பதால், எத்தனை காலமாக எடுக்கிறார் என்பதையும் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

எழும் முறையை நோயாளிக்குக் கற்றுக்கொடுங்கள். படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் பத்து முறை அசைத்து, எழுந்து கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு துணையுடன் நின்று, ஒரு நிமிடம் பொறுத்து, கிறுகிறுப்பு இல்லையென்றால் மட்டும் முதல் அடி வைக்க வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்காரும்போது இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் படியும் அளவுக்குக் கட்டிலின் உயரத்தைக் குறையுங்கள்.

கழிவறைக்கு அவர் எழும்வரை காத்திருக்காமல் நாமே அழைத்துச் செல்லும் நேரங்களை வகுக்க வேண்டும். முதலில் இரவு 9.30, 1.00, அதிகாலை 4.30 என்று குறித்தோம். கட்டிலருகே கழிப்பறை நாற்காலி வைத்தால் நடக்கும் தூரம் குறையும்; ஆனால் திரை இல்லாத வார்டில் அதில் உட்கார இவர் கூச்சப்படுவார் என்பதால், திரைக்கும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள். மகளின் பாயைக் கட்டிலின் மறுபக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். அழைப்பு மணி இல்லாத வார்டுகள் இன்னும் நிறைய உண்டு. அங்கே ஒரு கைமணி போதும், அது தலையணைக்கு அருகில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பக்கக் கம்பி பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். நான்கு கம்பிகளையும் ஏற்றிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது ஆபத்து. சிறுநீர் அவசரத்தில் இருக்கும் ஒருவர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். அப்போது கட்டில் உயரத்தோடு கம்பியின் உயரமும் சேர்ந்த இடத்திலிருந்து விழுவார், அடியும் பெரிதாகப் படும். தலைப்பக்கத்துக் கம்பிகளை மட்டும் ஏற்றினால், எழும்போது பிடித்துக்கொள்ளவும் அவை உதவும்.

படி 5: மீள்மதிப்பீடு

இரண்டாம் இரவு 3.40 மணிக்கு இந்த அம்மா தனியாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காலைச் செருப்பில் நுழைத்துக்கொண்டிருந்தபோது பணியிலிருந்த செவிலியர் பார்த்துவிட்டார். ஏன் மணி அடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "பொண்ணு இப்பத்தான் கண்ணசந்தா, உங்களையும் எத்தனை வாட்டி கூப்பிடுறது" என்றார். 24 மணி நேர இலக்கு நிறைவேறவில்லை. இந்த நிகழ்வை நோயாளியின் ஒத்துழையாமை என்று எழுதினால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். சிறுநீர்க் குறிப்பேட்டைப் புரட்டியபோது, இரண்டு இரவுகளிலும் அவர் 12.30-ஐ ஒட்டியும் 3.30-ஐ ஒட்டியும் எழுந்திருப்பது தெரிந்தது. நாம் வகுத்த 1.00, 4.30 என்ற நேரங்கள் இரண்டுமே அவருக்குப் பிந்தியவை. ஆகவே 12.15, 3.15 என்று மாற்றினோம். கூப்பிடத் தயங்குபவரிடம் மறுபடி மறுபடி கூப்பிடச் சொல்வதைவிட, அவர் கூப்பிடும் முன்பே நாம் போய் நிற்பது மேல்.

மூன்றாம் நாள் காலையில் படுத்திருக்கையில் 136/80, நின்ற ஒரு நிமிடத்தில் 124/76, கிறுகிறுப்பு இல்லை. ஃபுரோசமைடு நேரம் மாற்றப்பட்டபின் இரவில் எழுவது ஒரு முறையாகக் குறைந்தது. ஊன்றுகோலுக்குப் புது ரப்பர் போட்டு உயரத்தைச் சரிசெய்தாயிற்று.

இப்போது மோர்ஸ் மதிப்பெண்ணை மறுபடி கூட்டிப் பாருங்கள். முன்பு விழுந்ததற்கான 25-உம் பல நோய்களுக்கான 15-உம் மாறவே மாறா. ஊன்றுகோலுக்கான 15-உம் நடைக்கான 10-உம் அப்படியே இருக்கின்றன. மருந்து ஏறாதபோதும் ஊசிக்குழாய் கையில் இருக்கும்வரை 20 நீடிக்கும். துணையோடுதான் போக வேண்டும் என்று அவரே இப்போது சொல்வதால் கடைசி 15 மட்டும் நீங்கி, மதிப்பெண் 85-இல் நிற்கிறது. அதை மட்டும் பார்ப்பவர், மூன்று நாள் உழைப்பால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை என்று எண்ணக்கூடும். ஆகவே மீள்மதிப்பீட்டுப் பத்தியில் மதிப்பெண்ணோடு, நின்ற நிலை ரத்த அழுத்தம், இரவில் எழும் எண்ணிக்கை, துணையின்றி எழுந்த எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். 85 என்பது இன்னும் அதிக அபாயம்தான் என்பதால் திட்டத்தை முடிக்காமல் "தொடர்க" என்று குறிக்க வேண்டும். புதிய மருந்து தொடங்கினாலும், வேறு வார்டுக்கு மாற்றினாலும், ஒருமுறை விழுந்தாலும் முதல் படியிலிருந்து மறுபடி மதிப்பிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் விழுந்துவிட்டால், பதறி உடனே தூக்கி உட்காரவைக்காதீர்கள். நினைவு, தலைக்காயம், இடுப்பு வலி ஆகியவற்றைத் தரையிலேயே வைத்துப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டிருந்தால், அப்போது நன்றாகப் பேசினாலும் மருத்துவரை உடனே அழைத்து, அடுத்த 24 மணி நேரம் நினைவுநிலையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், எழும் முறையை மகளுக்கு வாயால் சொன்னதோடு விடாமல், தாயை ஒருமுறை எழுப்பி நடத்திக் காட்டச் சொல்லி நேரில் பார்த்தோம். இரண்டு நிமிடம் உட்காரவைப்பதை அவர் மறந்து நேராக நிற்கவைத்தார். திருத்தி, மறுபடி செய்யவைத்தபின்தான் தாளில் கையெழுத்திட்டோம்.