பழைய போட்டோவின் பின்பக்கம்: குறிப்பையும் தேதியையும் பதிவதில் நேரும் தவறுகள்

குடும்பப் போட்டோக்களை ஸ்கேன் செய்யும்போது முதல் தவறு ஸ்கேனர் அருகிலேயே நடந்துவிடுகிறது. நேரம் மிச்சமாகும் என்று முன்பக்கங்களை எல்லாம் முதலில் எடுத்து முடித்து, பிறகு கட்டைத் திருப்பிப் பின்பக்கங்களை வரிசையாக எடுப்பார்கள். எதுவும் எழுதாத பின்பக்கம் வந்தால் தாண்டிவிடுவார்கள். அந்த ஓரிடத்திலிருந்து வரிசை ஒன்று பிசகும். அதன்பின் நாற்பத்தேழாவது படத்தின் குறிப்பு நாற்பத்தாறாவது படத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டுமே கல்யாணப் படங்கள் என்றால் யாருக்கும் சந்தேகம்கூட வராது.

ஒரு படத்தின் முகத்தை ஸ்கேன் செய்தவுடன் அதையே திருப்பி முதுகையும் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அடுத்த படத்தைத் தொட வேண்டும். முதுகு வெறுமையாக இருந்தாலும் எடுங்கள். ‘எதுவும் எழுதவில்லை’ என்பதும் ஒரு தகவல்தான். கோப்பின் பெயர் `A012_0047_f.tif`, `A012_0047_b.tif` என்று இருந்தால் போதும்: ஆல்ப எண், பட எண், முன்பக்கமா பின்பக்கமா. ஆட்களின் பெயரையும் வருடத்தையும் கோப்புப் பெயரில் வைத்தால், நாளை வருடம் தப்பு என்று தெரியும்போது பெயரை மாற்ற வேண்டிவரும், இணைப்பு அறுந்துவிடும். பின்பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் வண்ணத்தில் எடுங்கள். 300 டிபிஐ போதும். மங்கிய நீல மையை வண்ண ஸ்கேனில்தான் மீட்க முடியும். படத்தைத் திருத்தும் மென்பொருளில் சிவப்புச் சேனலை மட்டும் பார்த்தால் நீல எழுத்து கறுத்துத் தெரியும், மஞ்சளித்த தாள் வெளுத்துப் பின்னால் போகும். பென்சில் எழுத்து அழிந்திருந்தால், பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விழ ஒரு போட்டோ எடுங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும். ஆல்பத்தில் பசையால் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம். பிய்த்தால் எழுத்துள்ள தாள்படலம் ஆல்ப அட்டையோடு போய்விடும்.

இனி படியெடுப்பது. ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் பேனா மையில் இப்படி இருக்கிறது:

உ
விகாரி௵ தை௴ 22௳ வியாழன்
பெரியக்கா கலியாணம். மாப்பிள்ளைக்கு வலது பக்கம் மாமா

அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், பால்பாயின்ட் பேனாவில் ‘1959’. ஓரத்தில் ஸ்டுடியோ முத்திரை, அதன் நடுவே ‘4471’ என்று ஓர் எண்.

பலரும் இதை ‘1959 தை, பெரிய அக்கா கல்யாணம்’ என்று சுருக்கிப் பதிவார்கள். இந்த ஒரே வரியில் நாலு தகவல் தொலைந்துவிட்டது. கலியாணம் என்பதைக் கல்யாணம் ஆக்கக் கூடாது. எழுதியவரின் வழக்கமான எழுத்துமுறைதான் பிறகு இன்னொரு படத்தின் குறிப்பும் அவர் எழுதியதே என்று காட்டும். வரி முறிவுகள் அப்படியே இருக்கட்டும். இரண்டு கையெழுத்துகளையும் கலக்காமல் ‘கை 1, பேனா மை’, ‘கை 2, பால்பாயின்ட்’ என்று தனித்தனியே குறியுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு ஊகத்தை நிரப்பாமல் [?] போடுங்கள்.

குறியீடுகளில் தடுமாறுவதும் சகஜம். மேலே உள்ள ‘உ’ பிள்ளையார் சுழி. அதைத் தமிழ் எண் ௨ என்று எடுத்துக்கொண்டு இரண்டாம் தேதி எனப் பதிந்துவிடக் கூடாது. ௵ வருடத்தையும் ௴ மாதத்தையும் ௳ நாளையும் குறிக்கும் பழைய அடையாளங்கள். கையெழுத்தில் மாதக் குறி ‘மீ’ போலவும் நாள் குறி ‘உ’ போலவும் தோன்றும். இவை மூன்றும் யூனிகோடில் இருப்பதால் அப்படியே தட்டச்சு செய்யலாம். ஸ்டுடியோ முத்திரையில் உள்ள எண்ணைத் தேதியாக்கப் பார்க்க வேண்டாம். மறுபிரதி கேட்டால் நெகட்டிவைத் தேடி எடுப்பதற்காக ஸ்டுடியோக்கள் போட்டுவைத்த எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதையும் அப்படியே பதியுங்கள்: அதே ஸ்டுடியோவின் தேதி தெரிந்த இன்னொரு படத்தில் 4460 என்று இருந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம் என்று ஊகிக்க உதவும்.

தேதிக்கு வருவோம். தமிழ் வருடப் பட்டியலைப் பார்த்தால் விகாரி 1959 என்று இருக்கும். கை 2 அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் விகாரி 1959 ஏப்ரல் நடுவில் பிறந்து 1960 ஏப்ரலில் முடிகிறது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருடத்தில்தான் வரும். மார்கழி இரண்டு வருடங்களிலும் பாதி பாதியாக விழும். தையிலும் மாசியிலும் நிறையக் கல்யாணங்கள் நடப்பதால், குடும்ப ஆல்பங்களில் இந்தப் பிழை எளிதில் நேரும். தை முதல் தேதியை 1960 ஜனவரி 14 என்று வைத்தால் 22ஆம் தேதி பிப்ரவரி 4. அன்று வியாழக்கிழமை, குறிப்பும் வியாழன் என்கிறது. ஜனவரி 15இலிருந்து எண்ணியிருந்தால் வெள்ளி வந்திருக்கும். கிழமை எழுதியிருந்தால் அதைப் படியெடுக்காமல் விடவே கூடாது என்பதற்குக் காரணம் இந்தச் சோதனை. 60 வருடச் சுழற்சியில் விகாரி 1900இலும் 2020இலும் முடிந்திருக்கிறது என்பதையும் மனதில் வைத்து, உடையையும் தாளையும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கை 2 எழுதியதை அழிக்க வேண்டாம். குறிப்பு ஒரு கட்டத்தில், நம் விளக்கம் இன்னொரு கட்டத்தில்: ‘1960-02-04, கை 2இன் 1959 பொருந்தவில்லை’. ‘பெரியக்கா’ யாருக்குப் பெரியக்கா என்பது எழுதியவர் யார் என்று தெரிந்தால்தான் விளங்கும். அதுவரை பெயரை விளக்கக் கட்டத்திலும் கேள்விக்குறியோடுதான் எழுத வேண்டும். ‘மாப்பிள்ளைக்கு வலது பக்கம்’ என்றால் நாம் பார்க்கையில் மாப்பிள்ளைக்கு இடப்புறம் நிற்பவர். எழுதியவர் அப்படித்தான் எண்ணினாரா என்பதை, மாமா இருக்கும் இன்னொரு படத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டியலை எக்செல்லில் வைப்பவர்கள் தட்டச்சுக்கு முன்பே தேதிப் பத்தியை `Text` ஆக மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘3/5/61’ என்று எழுதியிருப்பதை, கணினியின் அமைப்பைப் பொறுத்து, அது மார்ச் 5 ஆக்கிவிடும். ‘12/8/28’ என்பதை 2028 ஆக்கும். பிறகு மூலத்தில் என்ன இருந்தது என்று பட்டியலிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

பட்டியல் தொலைந்தாலும் குறிப்பு தொலையாமல் இருக்க, அதைப் படக் கோப்புக்குள்ளும் பதியலாம். எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவி இதற்குப் போதும். குறிப்பை யூடிஎஃப்-8 முறையில் ஓர் உரைக்கோப்பாகச் சேமித்துவிட்டு:

```
exiftool "-XMP-dc:Description<=A012_0047.txt" -XMP-photoshop:DateCreated=1960:02:04 A012_0047_f.tif
```

தமிழை நேரே கட்டளை வரியில் தட்டினால் விண்டோஸில் எழுத்துகள் சிதைய வாய்ப்பு அதிகம் என்பதால்தான் உரைக்கோப்பு வழி. வருடம் மட்டும் தெரிந்தால் `-XMP-photoshop:DateCreated=1960` என்றே விடலாம். தெரியாத நாளுக்கு ஜனவரி 1 போட்டால், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் அதை உண்மைத் தேதி என்றே நம்புவார். பின்பக்க ஸ்கேனுக்கும் இதையே செய்யுங்கள். பதிந்த கோப்பை உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே வைத்த குறிப்பு உதிர்ந்துவிடும். `Document` ஆக அனுப்புங்கள், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே.