‘சாஃப்ட்’ என்ற ஒரு சொல்

செட்டிநாடு காட்டன் சேலைகளை ஆன்லைனில் விற்கிறேன். ஒரு ரகம் மட்டும் அடிக்கடி ரிட்டர்ன் ஆனது. காரணமாக எல்லோரும் தேர்ந்தெடுத்தது ‘தரம் சரியில்லை’. அதை வைத்து என்ன செய்வது?

அவர்கள் கைப்பட எழுதியிருந்த 40 குறிப்புகளை ஷீட்டில் ஒட்டி, ஒவ்வொன்றும் லிஸ்டிங்கின் எந்தச் சொல்லோடு, எந்தப் படத்தோடு மோதுகிறது என்று பக்கத்தில் எழுதினேன். 23 பேர் ‘மொடமொடன்னு இருக்கு’, ‘அட்டை மாதிரி நிக்குது’ என்றிருந்தார்கள். தலைப்பிலோ நான் ‘சாஃப்ட்’ என்று போட்டிருந்தேன்! படத்தில் இருந்ததும் பலமுறை துவைத்த என் சொந்தச் சேலை. அதே துணியில், அந்தச் சொல் இல்லாத இன்னொரு ரகத்துக்கு இந்தப் புகாரே இல்லை.

எது காரணமென்று தெரிய, முதலில் சொல்லை மட்டும் மாற்றினேன்: ‘கஞ்சி போட்டது, சில துவைப்பில் இளகும்’. புகார் பாதியானது. புதுச் சேலையைப் படமெடுத்துப் போட்டதும் மீதியும் குறைந்தது. ‘கலர் வேற’ என்பவர்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.