கீல் அடி கொண்ட சட்டகத்தில் தூணின் பயனுறு நீளம்: கையால் கணக்கிடும் முறை

ஒரே தூண், ஒரே உத்திரம், ஒரே உயரம். சட்டகத்தைப் பிரேஸ் வைத்துப் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவிட்டால் தூணின் நெளிவுச் சுமை, அதாவது பக்லிங் சுமை, ஓர் அளவு. பிரேஸை எடுத்துவிட்டால் அதில் ஏழில் ஒரு பங்கு. இந்த ஏழு மடங்கு எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு சிறிய எஃகுச் சட்டகத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். ஆய்லர் சூத்திரமும் உத்திரத்தின் சாய்வு, விலகல் கணக்குகளும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாம் எடுத்துக்கொள்ளும் சட்டகம்

இரண்டு தூண்கள், மேலே ஓர் உத்திரம். தூணின் உயரம் h = 4 மீ., உத்திரத்தின் நீளம் L = 6 மீ. தூணின் நிலைமத் திருப்புத்திறன் 8000 செ.மீ⁴, உத்திரத்தினுடையது 12000 செ.மீ⁴. தூணும் உத்திரமும் சேரும் மூலை விறைப்பான இணைப்பு. தூணின் அடி கீல் இணைப்பு. இரு தூண்களிலும் ஒரே அளவு சுமை P இறங்குகிறது. E = 2 லட்சம் நி/மி.மீ². எண்களை வேண்டுமென்றே முழு எண்களாக வைத்திருக்கிறேன். உங்கள் கணக்கில் பிரிவு அட்டவணையில் உள்ள மதிப்புகளை இட்டுக்கொள்ளலாம்.

படி 1: சட்டகம் நகருமா, நகராதா?

வரைபடத்தில் பிரேஸ் தெரிகிறதா என்று பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது. ஐ.எஸ். 800:2007 இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. செங்குத்துச் சுமையில் 0.5 விழுக்காட்டைக் கற்பனையான பக்கவாட்டு விசையாகக் கொடுத்து, தளம் எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட வேண்டும். சுவர்த் தகடு போர்த்தப்படும் சட்டகத்தில், அந்தத் தகட்டின் உதவியைக் கணக்கில் சேர்க்காதபோது, நகர்வு h/2000-க்குள் இருந்தால்தான் அது நகராச் சட்டகம். தகடு இல்லாத சட்டகத்திற்கு வரம்பு h/4000.

ஒரு தூணுக்கு 400 கி.நி. என்றால் மொத்தம் 800, அதில் 0.5 விழுக்காடு 4 கி.நி. ஒவ்வொரு தூணுக்கும் 2 கி.நி. பக்கவாட்டு விசை கிடைக்கிறது. தூண் வளைவதால் வரும் நகர்வு 2.67 மி.மீ., உத்திரத்தின் முனை சுழல்வதால் வரும் நகர்வு 1.33 மி.மீ., ஆக மொத்தம் 4 மி.மீ. இது h/1000. எந்த வரம்பிலும் தேறவில்லை. எனவே பிரேஸ் இல்லாத நிலையில் இது நகரும் சட்டகம்தான். இந்த 4 மி.மீ. பின்னால் இன்னொரு வேலைக்கும் பயன்படும்.

படி 2: உத்திரம் எந்த வடிவில் வளைகிறது?

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த படி இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். தூணின் மேல்முனை சுழலாமல் தடுப்பது உத்திரம். அந்தத் தடுப்பு எவ்வளவு வலுவானது என்பது உத்திரத்தின் I/L-ஐ மட்டும் பொறுத்ததன்று; நெளியும்போது உத்திரம் எந்த வடிவம் எடுக்கிறது என்பதையும் பொறுத்தது.

மேல்முனைகள் நகராதபோது இரு தூண்களும் எதிரெதிர்ப் பக்கமாகப் பிதுங்கி நெளிகின்றன. அப்போது உத்திரத்தின் இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. உத்திரம் ஒரே வில்லாக வளைகிறது. இந்த வடிவில் அதன் முனை விறைப்பு 2EI/L. சட்டகம் பக்கவாட்டில் நகரும்போதோ இரு முனைகளும் ஒரே திசையில் சுழல்கின்றன; உத்திரம் எஸ் வடிவில் வளைந்து, நடுவில் திருப்புமை சுழியாகிறது. அதாவது நடுவில் ஒரு கீல் தாங்கி இருப்பது போல, பாதி நீளமுள்ள உத்திரமாக அது வேலை செய்கிறது: 3EI/(L/2) = 6EI/L.

ஆக, நகரும் சட்டகத்தில் உத்திரம் மூன்று மடங்கு விறைப்பாக நிற்கிறது. அப்படியிருந்தும் தூண் மிகக் குறைந்த சுமையிலேயே சாய்கிறது. காரணம் தூணின் தலை நகர்வதில் இருக்கிறது. தலை Δ தூரம் நகர்ந்தால், அடியைப் பொறுத்து P × Δ என்ற கூடுதல் திருப்புமை பிறக்கிறது. பிரேஸ் உள்ள சட்டகத்தில் அந்த Δ-வே எழுவதில்லை.

நடைமுறையில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்க எஃகுக் கையேடுகளில் வரும் ஜி விளக்கப்படத்தில் இந்த 2-உம் 6-உம் ஏற்கெனவே உள்ளடங்கியுள்ளன, மறுபடி பெருக்கக்கூடாது. யூரோகோடு வழிவந்த β வகைச் சூத்திரங்களிலோ, உத்திரத்தின் I/L-ஐ ஒரே வில் வளைவுக்கு 0.5 ஆலும் எஸ் வளைவுக்கு 1.5 ஆலும் நாமே பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றின் பழக்கத்தை மற்றொன்றில் கொண்டுபோனால், விடை பார்க்க நியாயமாகவே தெரியும், ஆனால் தவறாக இருக்கும்.

படி 3: சமன்பாட்டைத் தீர்த்தல்

முதலில் மூலையின் விறைப்பு விகிதம். தூணுக்கு 8000/400 = 20, உத்திரத்திற்கு 12000/600 = 20; எனவே G = 1. கீல் அடிக்கு உரிய சமன்பாடுகள் இவை; இவற்றில் u = h√(P/EI), பயனுறு நீளம் = K × h:

```
நகராச் சட்டகம்:   u*u*tan(u) / (tan(u) - u) = -2/G
நகரும் சட்டகம்:   u*tan(u) = 6/G
K = pi/u
```

முதல் சமன்பாட்டின் மூலத்தை π-க்கும் 4.49-க்கும் இடையில் தேட வேண்டும்; இரண்டாவதன் மூலத்தை 0-க்கும் π/2-க்கும் இடையில். கால்குலேட்டரைப் பாகை அளவில் விடாமல் ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். என் விருப்பம் ஒரு சிறிய பைதான் நிரல்; இது நகரும் சட்டகத்திற்கானது:

```python
from math import tan, pi
G = 1.0
a, b = 0.01, pi/2 - 0.0001
for i in range(60):
    u = (a + b)/2
    if u*tan(u) > 6/G:
        b = u
    else:
        a = u
print(pi/u)
```

விளக்கப்படத்தை நான் சரிபார்க்க மட்டுமே எடுப்பேன். கீல் அடிக்கு அதில் முடிவிலிப் புள்ளியிலிருந்து கோடு இழுக்க வேண்டியிருப்பதால், பென்சில் தடிமனே விடையை மாற்றிவிடும்.

நகராச் சட்டகத்தில் u = 3.591, K = 0.875. நகரும் சட்டகத்தில் u = 1.350, K = 2.33. பயனுறு நீளங்கள் முறையே 3.5 மீ., 9.3 மீ. நான்கு மீட்டர் தூணுக்கு ஒன்பது மீட்டர் நீளம் எப்படி என்று திகைக்க வேண்டாம். தூணின் வளைவை அதன் முனைக்கு அப்பாலும் நீட்டி வரைந்தால், ஓர் அரை சைன் அலை முடிய அத்தனை நீளம் பிடிக்கிறது என்பதே பொருள். கீல் அடி கொண்ட நகராச் சட்டகத்தில் K எப்போதும் 0.7-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். நகரும் சட்டகத்தில் 2-க்குக் கீழே போகவே போகாது, மேலே வரம்பும் இல்லை. விடை இந்த எல்லைக்கு வெளியே வந்தால் எங்கோ பிழை இருக்கிறது.

படி 4: நெளிவுச் சுமை

K = 1 என வைத்தால் π²EI/h² = 9870 கி.நி. இதை K²-ஆல் வகுத்தால் நகராச் சட்டகத்திற்குச் சுமார் 12,890 கி.நி., நகரும் சட்டகத்திற்குச் சுமார் 1,820 கி.நி. இதுதான் அந்த ஏழு மடங்கு.

உத்திரத்தின் நிலைமத் திருப்புத்திறனைப் பாதியாக்கிப் பாருங்கள்: நகராச் சட்டகத்தின் நெளிவுச் சுமை 10 விழுக்காடுதான் குறையும், நகரும் சட்டகத்தில் 22 விழுக்காடு குறையும். நகரும் சட்டகத்தில் தூணின் வலிமையை உத்திரம் எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

படி 5: விடையைச் சரிபார்த்தல்

படி 1-இல் கிடைத்த 4 மி.மீ.-ஐ எடுங்கள். ஒரு தூணின் பக்கவாட்டு விறைப்பு 2000 நி./4 மி.மீ. = 500 நி/மி.மீ. அதை உயரத்தால் பெருக்கினால் 500 × 4000 = 2000 கி.நி. இந்த எளிய மதிப்பீடு தூண் தன் நீளத்தில் வளைவதால் வரும் கூடுதல் இழப்பைக் கவனிப்பதில்லை. எனவே உண்மையான நெளிவுச் சுமை இதில் 0.82-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஒரு பங்காக இருக்க வேண்டும். நமக்குக் கிடைத்தது 0.91. கணினி மென்பொருள் தரும் K-ஐ நம்புவதற்கு முன்பும் நான் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுவிடுவேன்.

படி 6: ஏழு மடங்கு உண்மையில் கிடைக்குமா?

கிடைக்காது. தூணின் பரப்பு 65 செ.மீ², எஃகின் இளகு வலிமை 250 நி/மி.மீ² என்றால், நெளிவே இல்லாவிட்டாலும் அது 1625 கி.நி.-இல் இளகிவிடும், 12,890 என்பது தாளில் மட்டும் இருக்கும் எண். சுழற்சி ஆரம் 11.1 செ.மீ. எனவே மெலிவு விகிதங்கள் 32, 84. ஐ.எஸ். 800-இன் ‘பி’ வளைகோட்டின்படி வடிவமைப்பு வலிமை முறையே சுமார் 1390, 930 கி.நி. ஏழு மடங்கு ஒன்றரை மடங்காகச் சுருங்குகிறது. தூண் மெலிய மெலிய இந்த இடைவெளி மீண்டும் ஏழு மடங்கை நோக்கி விரியும்.

இன்னொரு கணக்கையும் விட்டுவிடக்கூடாது. இதுவரை பார்த்தது சட்டகத்தின் தளத்தில் நிகழும் நெளிவு மட்டுமே. இதே தூணின் பலவீன அச்சில் சுழற்சி ஆரம் 5.5 செ.மீ. என்றால், அத்திசையில் பிரேஸ் இருந்து K = 1 ஆனாலும், ‘சி’ வளைகோட்டின்படி வலிமை சுமார் 960 கி.நி.தான். எனவே சட்டகத் தளத்தில் பிரேஸ் வைத்துப் பெற்ற 1390-ஐ நெருங்க வேண்டுமானால், பலவீன அச்சில் தூணின் நடு உயரத்திலும் ஒரு பிடிப்பு கொடுக்க வேண்டும்.

சேர்ப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பின்

உண்மையான அடி முழுக் கீல் இல்லையே, பேஸ் பிளேட்டும் ஆங்கர் போல்ட்டும் கொஞ்சம் பிடிக்காதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பிடிக்கும். அமெரிக்க நடைமுறை கீல் அடிக்கு G = 10 என்று எடுக்க அனுமதிக்கிறது; அப்போது நம் நகரும் சட்டகத்தின் K 2.33-இலிருந்து சுமார் 1.9 ஆகிறது. நான்கு போல்ட் உள்ள, தடிமனான தகடாக இருந்தால் மட்டும் அதை எடுப்பேன்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது: அருகில் இரு முனைகளிலும் கீல் கொண்ட ஒரு தூண் இருந்து, அதன் கூரைச் சுமையும் இதே சட்டகத்தின் மீது சாய்ந்தால் என்ன ஆகும்? அந்தத் தூணுக்குப் பக்கவாட்டு விறைப்பே கிடையாது. அதன் K 1 என்று எழுதிவிட்டு நகர்ந்தால், அது நகரும்போது தரும் தள்ளலை யாரும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். ஒரு தளத்திலுள்ள எல்லாத் தூண்களின் மொத்தச் சுமை, விறைப்புள்ள தூண்களின் நெளிவுச் சுமைகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது என்று 1971-இல் ஜோசஃப் யூரா காட்டிய வழியே இதற்கு எளிது. அந்தக் கீல் தூண் நடுவில் நின்று 2P தாங்க, சட்டகத்தின் ஓரத்தூண்களில் P வீதம் என்றால் மொத்தம் 4P. கிடைப்பது 2 × 1820. ஆகவே P = 910 கி.நி. ஓரத்தூண்களின் K 2.33-இலிருந்து √2 மடங்காகி 3.3-ஐ எட்டுகிறது, அதை வைத்துத்தான் அவற்றின் மெலிவு விகிதத்தை மறுபடி கணக்கிட வேண்டும்.