பவுடர் பால் கலக்கும் முறையும், பசும்பால் ஏன் கூடாது என்பதும்

மகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது எடை சரியாக ஏறவில்லை. தாய்ப்பாலோடு கொஞ்சம் பவுடர் பாலும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். அத்தை, "பவுடர் எதுக்கும்மா, பசும்பால்ல பாதி தண்ணி ஊத்திக் கொடு, உன் வீட்டுக்காரன் அப்படித்தான் வளர்ந்தான்" என்றார். நானும் டாக்டரிடமே கேட்டேன்.

பசும்பால் கன்றுக்குட்டிக்கானது. 100 மில்லியில் புரதம் 3 கிராமுக்கு மேல், தாய்ப்பாலில் ஏறக்குறைய 1 கிராம்தான். உப்புகளும் அதிகம். அத்தனையையும் வெளியேற்ற பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு நிறைய தண்ணீர் வேண்டும், பேதி வந்தால் குழந்தை சீக்கிரம் வறண்டுவிடும். இரும்புச்சத்தோ மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவும் வரும். தண்ணீர் கலந்தால் புரதம் குறையும், கூடவே கொழுப்பும் குறையும், பசியும் அடங்காது. பவுடர் பாலும் பெரும்பாலும் பசும்பாலில் செய்ததுதான், ஆனால் அதில் புரதத்தைக் குறைத்து எண்ணெய், லாக்டோஸ், இரும்பு, வைட்டமின்கள் சேர்த்திருக்கிறார்கள். தாய்ப்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள்களை மட்டும் கொண்டுவர முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் மார்பில் போடுங்கள், அப்புறம்தான் பவுடர் பால்.

கலப்பதற்கு, பாத்திரங்களைக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி அரை மணி நேரத்துக்குள் கலக்குங்கள், 70 டிகிரிக்குக் குறையக் கூடாது, ஏனென்றால் பவுடரிலேயே கிருமி இருக்கலாம்.

நான் தவறு செய்தது இங்கேதான். புட்டியில் மூன்று ஸ்கூப் பவுடரைப் போட்டுவிட்டு, 90 கோடு வரை தண்ணீர் ஊற்றினேன். பவுடரும் இடம் பிடிக்குமே, அப்படியென்றால் உள்ளே போன தண்ணீர் 90 மில்லிக்குக் குறைவு, பால் கெட்டி. போதாததற்கு ஸ்கூப்பைக் குவித்து வேறு அள்ளியிருக்கிறேன். நாலு நாளில் மகளுக்கு மலம் இறுகிப்போய் முக்கி முக்கி அழுதாள், சிறுநீரும் மஞ்சளாகப் போனது. சரியான முறை: முதலில் 90 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு கத்தியின் முதுகால் வழித்த மூன்று ஸ்கூப். என் டப்பாவில் ஒரு ஸ்கூப்புக்கு 30 மில்லி, உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலந்ததைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள்.

அளப்பதற்குத்தான் புட்டி, ஊட்டுவதற்கு என் ஓட்டு பாலாடைக்கே. நிப்பிளின் மூலையில் பால் ஒட்டிக்கொள்ளும், எவர்சில்வர் பாலாடையில் ஒளிய இடமே இல்லை.

பின்சேர்க்கை: ஆட்டுப்பால் கொடுக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். அதுவும் வேண்டாம், அதில் ஃபோலேட் மிகக் குறைவு, ரத்தசோகை வரும். ஒரு வயது முடிந்ததும் பசும்பால் தரலாம். டப்பா விலை கட்டுப்படியாகாமல் ஒரு ஸ்கூப் குறைத்துப் போடுவதாக ஒரு தங்கை எழுதியிருந்தாள். அம்மா, அதை இன்றே நிறுத்து. நீர்த்த பாலால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரை போகலாம். உன் டாக்டரிடம் விலையைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல், தாய்ப்பாலைக் கூட்ட என்ன வழி என்றும் கேள்.