யூடியூப் பரிந்துரைகளைச் சீராக்குவது எப்படி: ஒரு பித்தப்பைக் கல் படலம்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்த அன்று இரவு, அறுவை சிகிச்சை எப்படி நடக்கும் என்று பார்க்க யூடியூபைத் திறந்தேன். இரண்டு வாரங்களில் எத்தனை காணொளிகள் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்து, இட்லி போதாது, தோசை வேண்டும் என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார். என் முகப்புப் பக்கம் மட்டும் தேறவில்லை. எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் கல் கரையும் என்று ஒருவர், கத்தியே வேண்டாம் என்று இன்னொருவர், கல்லீரல் அழுகும் ஏழு அறிகுறிகள் என்று மூன்றாமவர். இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. முதல் இரண்டும் ஏன் பலிக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பொத்தான்களின் பெயர்களை ஆங்கிலத்தில் திரையில் தெரிவதுபோலவே தருகிறேன். உங்கள் செயலி தமிழில் இருந்தால் அதே இடத்தில் தமிழ்ப் பெயர் இருக்கும்.

முதல் முயற்சி: Not interested

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். காணொளியின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு `Not interested` கொடுப்பது. ஒரு வாரம் சலிக்காமல் அழுத்தினேன். அந்தக் காணொளி போய்விடும், அதன் தம்பி வந்து நிற்பான். இது என் கைராசி அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பெயர்போன மொசில்லா 2022இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டாத பரிந்துரைகளில் இந்தப் பொத்தான் தடுத்தது 11 சதவீதம்தான். `Don't recommend channel` 43 சதவீதத்தையும், பார்த்த வரலாற்றிலிருந்து நீக்குவது 29 சதவீதத்தையும் தடுத்தன. ஆகவே என் பரிந்துரை: சேனலே வேண்டாம் என்றால் இரண்டாவது பொத்தானை அழுத்துங்கள். பொருளே வேண்டாம் என்றால் வரலாற்றில் கை வையுங்கள். `Not interested` என்பதை ஒற்றைக் காணொளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முயற்சி: வரலாற்றைத் துப்புரவாக்குவது

இதைக் கைபேசியில் செய்யாதீர்கள், கணினி உலாவியில் செய்யுங்கள். சிறு திரையில் ஒவ்வொன்றாக நீக்கி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். உலாவியில் இந்த முகவரிக்குப் போங்கள்:

```
myactivity.google.com/product/youtube
```

மேலே வலது ஓரத்தில் எந்தக் கணக்கின் படம் இருக்கிறது என்று பாருங்கள். அலுவலகக் கணக்கு திறந்திருந்தால் அதன் வரலாறுதான் அழியும்.

`Delete` பொத்தானை அழுத்தினால் இன்றைய நாள், குறிப்பிட்ட கால அளவு, எல்லாம் என்று மூன்று வாய்ப்புகள் வரும். அவசரத்தில் `Delete all time` கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடமாக நான் பார்த்த கர்நாடக இசைக் கச்சேரிகளும், மாடித் தோட்டக் காணொளிகளும் அதில்தான் இருக்கின்றன. என் வீட்டு நோய் இரண்டு வாரத்துக்குரியது, எனவே `Delete custom range` எடுத்து ஸ்கேன் எடுத்த நாள் முதல் அம்மா வீடு திரும்பிய நாள் வரை தேதி கொடுத்தேன். பார்த்தவையும் தேடியவையும் ஒன்றாகவே போய்விடும். தேடியவை போவது முக்கியம். ‘பித்தப்பை கல் உணவு’ என்று நாம் தட்டியதும் அங்கே பதிவாகியிருக்கிறது.

அந்தத் தேதிகளுக்கு வெளியே சில சிதறிக் கிடக்கும். அவற்றுக்குப் பக்கத்தின் மேலே இருக்கும் தேடல் பெட்டி. இங்கேதான் நான் வழுக்கினேன். ‘பித்தப்பை’ என்று மட்டும் தேடி, வந்ததை நீக்கிவிட்டு நிம்மதியாக எழுந்தேன். தலைப்பில் இருக்கும் சொல்லைத்தான் அது தேடுகிறது. ஆங்கிலத் தலைப்பில் `gallbladder`, `gallstone` என்று இருக்கும். ‘இதைச் செய்தால் மருத்துவமனையே வேண்டாம்’ என்று தலைப்பு வைப்பவர்களை எந்தச் சொல்லாலும் பிடிக்க முடியாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேடிவிட்டு, மிச்சத்தை நாள்வாரியாகக் கண்ணால் பார்த்து நீக்குவதே வழி.

விருப்பக்குறி இட்டவை தனி. வரலாற்றை அழித்தாலும் அந்த விருப்பக்குறிகள் அப்படியே இருக்கும். `Liked videos` பட்டியலைத் திறந்து பாருங்கள். கவலையில் இருந்தபோது நான் நாலைந்து மருத்துவர்களின் காணொளிகளுக்கு விருப்பம் தெரிவித்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

மூன்றாம் முயற்சி: எங்கிருந்து திரும்ப வந்தது?

இவ்வளவும் செய்து இரண்டு நாள் சுத்தமாக இருந்தது. மூன்றாம் நாள் ஆலிவ் எண்ணெய்க்காரர் திரும்பி வந்தார். எரிச்சலோடு வரலாற்றைத் திறந்தேன். அதிகாலை 2.40க்கு ஒரு காணொளி, 2.58க்கு ஒன்று, 3.21க்கு ஒன்று. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கூடத்துத் தொலைக்காட்சி. அதில் இருப்பது என் கணக்கு. அம்மா படுக்கும் முன் உணவுப் பத்தியம் பற்றி ஒன்றைப் போட்டுவிட்டு உறங்கிவிடுவார். அது தானாக அடுத்தது, அதற்கடுத்தது என்று விடியும்வரை ஓடும். நான் பகலில் அழித்ததை இரவில் அது நிரப்பிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் கேட்டதற்கு, “நான் ஒண்ணுதாம்ப்பா பார்த்தேன்” என்றார். உண்மைதான்.

உங்கள் பட்டியலிலும் நீங்கள் பார்க்காத நேரம் தெரிந்தால், வீட்டில் உங்கள் கணக்கு வேறு எந்தக் கருவியில் இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். தொலைக்காட்சிச் செயலியின் அமைப்புகளுக்குப் போய் `Autoplay` என்பதை அணைத்தேன். பிறகு அம்மாவின் கணக்கையே அதில் சேர்த்து, அதைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். மீண்டும் அந்த மூன்று இரவுகளுக்கு மட்டும் `Delete custom range`. அதன் பின் ஆலிவ் எண்ணெய்க்காரர் வரவில்லை.

பழக்குவது

அழித்ததும் முகப்பு சற்று அசட்டுத்தனமாக இருக்கும், பொதுவாக எல்லோருக்கும் காட்டும் சரக்கு வரும். அதிலிருந்து ஆர்வத்துக்காகக்கூட எதையும் திறக்காதீர்கள். வேண்டியதை நீங்களே தேடிப் போய், முடிந்தவரை முழுதாகப் பாருங்கள். நான் ஒரு வாரம் கச்சேரிகளும் கத்தரிச் செடிப் பூச்சி மேலாண்மையும் மட்டும் பார்த்தேன். இடையில் ஏதாவது மருத்துவச் சந்தேகம் வந்தால், செயலியில் `Turn on Incognito` கொடுத்துவிட்டுத் தேடினேன். அதில் பார்ப்பது வரலாற்றில் ஏறாது. இந்த ஒரு பழக்கம் முன்பே இருந்திருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

பின்சேர்க்கை 1: முகப்பே வெறுமையாகிவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் எல்லாவற்றையும் அழித்ததோடு `Pause watch history` என்பதையும் அழுத்தியிருக்கிறார். 2023 ஆகஸ்டு முதல், வரலாறு நிறுத்தப்பட்டு, பழைய பதிவும் போதுமான அளவு இல்லாவிட்டால் முகப்பில் பரிந்துரைகள் வராது. பழுதில்லை. வரலாற்றை மீண்டும் இயக்கினால் போதும். சிலருக்கு அந்த வெறுமையே பிடித்திருக்கிறது, அது அவரவர் விருப்பம்.

பின்சேர்க்கை 2: பேரன் கையில் கைபேசி போய், பக்திப் பாடல் சேனல்களுக்கெல்லாம் `Don't recommend channel` விழுந்துவிட்டதாக ஒரு அம்மையார் கேட்டிருந்தார். `myactivity.google.com` பக்கத்தில் `Other activity` என்பதன் கீழே யூடியூபின் `Not interested` கருத்துகளை நீக்கும் இடம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க முடியாது, மொத்தமாகத்தான் போகும். வேண்டுமென்றே தடுத்த சேனல்களும் திரும்ப வரும் என்பதால், அவற்றின் பெயர்களை முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.